வருட வட்டியை மாத வீதமாக்குவது எப்படி: நிலாவெளியில் ஒரு படகு எஞ்சின் கணக்கு

மார்ச் மாத நடுவில் ஒரு மாலை, சித்தியின் மகன் நிலாவெளியிலிருந்து வந்து என் மேசையில் இரண்டு கடதாசிகளை வைத்தான். ஒன்று வங்கி கொடுத்த கடன் விபரத்தாள். மற்றது மனைவியின் தாலிக்கொடியையும் இரண்டு சோடி காப்பையும் வைத்தால் என்ன கிடைக்கும் என்று அடகு பிடிக்கும் இடத்தில் எழுதிக் கொடுத்த துண்டு. இரண்டிலும் 18 சதவீதம் என்றே இருந்தது.

“அண்ணா, அங்கயும் பதினெட்டு, இங்கயும் பதினெட்டு. ரெண்டும் ஒண்டுதானே?”

அவனுக்குத் தேவைப்பட்டது ஆறு இலட்சம் ரூபாய். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் அவனுடைய இரண்டாவது ஃபைபர் போட்டின் பழைய எஞ்சின் செத்துவிட்டது. புது எஞ்சின் பூட்டினால் ஒரு வருடத்துக்குள் வட்டியோடு முதல் திரும்புமா என்பதுதான் கேள்வி. அதற்குள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருந்தது: வருமானம் மாதாமாதம் வருகிறது, வட்டியை வருடத்துக்குச் சொல்கிறார்கள், இந்த இரண்டையும் எப்படி ஒரே அளவுகோலில் வைப்பது? அன்று இரவு நாங்கள் போட்ட கணக்கை, புதிதாகப் பழகுபவர்களுக்காக அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். அடுத்த வருடம் கைக்கு வரும் ரூபாய்க்கு இன்று இருக்கும் மதிப்பைக் கண்டுபிடிக்க, அதிலிருந்து காத்திருக்கும் காலத்துக்கான வட்டியைக் கழித்துப் பார்க்கிறோம். அப்படிக் கழிக்கப் பயன்படுத்தும் வீதம்தான் கழிவு வீதம். பணம் மாதக் கணக்கில் வந்தால் கழிவு வீதமும் மாதத்துக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

படி 1: வட்டி எப்போது முதலோடு சேருகிறது என்று கேளுங்கள்

பலர் 18ஐ 12ஆல் பிரித்து 1.5 என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். சில இடங்களில் அது சரி, சில இடங்களில் பிழை. எது என்று தீர்மானிப்பது ஒரே விடயம்: அந்த வட்டியை எப்போது கணக்கிட்டு எடுக்கிறார்கள் அல்லது முதலோடு சேர்க்கிறார்கள்?

வங்கிக் கடனை எடுப்போம். மாதா மாதம் மிச்சமுள்ள முதலுக்கு வட்டி போடுகிறார்கள். குறைந்துசெல்லும் மீதியில் வட்டி என்று சொல்வது இதைத்தான். அப்படியென்றால் 18 என்பது பெயரளவு வீதம், மாத வீதம் நேராக 1.5. ஆனால் வருட முடிவில் உண்மையான பாரம் 18 அல்ல. ஒரு மாத வட்டியைக் கட்டாமல் விட்டால் அடுத்த மாதம் அதற்கும் வட்டி ஏறும். 1.015ஐ அதனாலேயே பன்னிரண்டு தடவை பெருக்கினால் 1.1956 வரும். உண்மையான வருட வீதம் 19.56 சதவீதம்.

அவன் கொண்டுவந்த அடகுத் துண்டில் விதி வேறாக இருந்தது. நகையை மீட்கும் நாளில் முதலும் வட்டியும் சேர்த்து ஒரே தடவையில் கட்ட வேண்டும், வட்டிக்கு வட்டி கிடையாது. ஒரு வருடம் கழித்து மீட்டால் ஆறு இலட்சத்துக்கு 108,000 ரூபாய். இடையில் எதுவும் கட்டாததால், பன்னிரண்டு மாதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி 1.18 ஆகும் மாத வீதத்தைத் தேட வேண்டும். அதற்கு 1.18இன் பன்னிரண்டாம் மூலத்தை எடுக்கிறோம். எக்செலில் இப்படி:

```
வங்கிக் கடன்:           =18%/12
ஒரு வருடத்தில் மீட்டால்:   =(1+18%)^(1/12)-1
```

முதல் வரி 1.5 சதவீதம் தரும். இரண்டாவது 1.3888 சதவீதம். எழுதியிருக்கும் எண் ஒன்றுதான் என்றாலும், இரண்டு கடதாசிகளிலும் உள்ளது ஒரே விலை அல்ல.

இந்த இடத்தில் அவன் மடக்கினான். “அப்ப ஆறு மாசத்தில மீட்டா?” நல்ல கேள்வி. ஆறு மாதத்துக்கு வட்டி 9 சதவீதம், அதாவது 54,000. இப்போது 1.09இன் ஆறாம் மூலம்: `=(1+9%)^(1/6)-1`, விடை 1.4467 சதவீதம். அதே நகை, அதே துண்டு, ஆனால் சீக்கிரம் மீட்டால் மாத வீதம் கூடுகிறது. ஒரே மாதத்தில் மீட்டால் அது 1.5ஐத் தொட்டுவிடும். தனிவட்டியில் இது எப்போதும் நடக்கும். வட்டியைக் கட்டாமல் தள்ளிப்போட விடுவதே கடன் கொடுத்தவர் தரும் ஒரு சலுகை, அந்தச் சலுகைக் காலம் நீளும்போது உண்மையான வீதம் இறங்குகிறது. ஆகவே “அடகு வட்டியின் மாத வீதம் என்ன?” என்று மட்டும் கேட்டால் பதில் இல்லை. எப்போது மீட்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வட்டிக்குக் கொடுப்பவர்கள் “நூற்றுக்கு ரெண்டு” என்று சொன்னால் அது ஏற்கனவே மாத வீதம், மாற்ற எதுவுமில்லை. வங்கிச் சுவரில் நிலையான வைப்பு வீதங்களோடு ஏ.ஈ.ஆர் என்று தனியாக ஒரு நிரல் இருக்குமே, அது வட்டிக்கு வட்டி சேர்த்த உண்மையான வருட வீதம். மாதாமாதம் வட்டி தரும் வைப்புக்கு 7.5 என்று போட்டால் அதன் ஏ.ஈ.ஆர் 7.76 ஆகும். அந்த நிரலிலிருந்து எடுக்கும் எண்ணைப் பன்னிரண்டால் பிரிக்கக் கூடாது, மூலம்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் உள்ள பெயரளவு வீதத்தை, மாதாமாதம் வட்டி வருவதாக இருந்தால், பிரிக்கலாம்.

செய்தது சரியா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. 1.013888ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள், 1.18 திரும்பி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ வழுக்கிவிட்டது.

படி 2: பணம் கைக்கு வரும் மாதத்தில் எழுதுங்கள்

அவனிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டு மூலை சுருண்டு, பக்கங்கள் ஒட்டிப் போயிருந்தன. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எத்தனை பேர், எண்ணெய் எவ்வளவு, கூட வந்த பொடியனுக்கு எவ்வளவு என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்துத்தான் மாதக் கணக்கைக் கட்டினோம்.

இதில் ஒரு இடம் கவனம். ஜூலை மாதம் ஓடிய ஓட்டம் எல்லாம் ஜூலை வருமானம் அல்ல. தங்குமிடங்கள் அனுப்பும் ஆட்களுக்கான காசை அவர்கள் அடுத்த மாதம்தான் தீர்க்கிறார்கள். கழிவு வீதத்துக்கு, உழைத்த நாளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, காசு கைக்கு வந்த நாள்தான் கணக்கு. அவன் முதலில் எழுதிய பட்டியலில் ஓகஸ்டை விட ஜூலை பெரிதாக இருந்தது. கைக்கு வந்த மாதத்துக்கு மாற்றியதும் ஓகஸ்ட் பெரிதாகிவிட்டது.

இரண்டாவது, வரிசையில் பூச்சியம் எது என்பது. எஞ்சினுக்குக் காசு கொடுக்கும் நாள், மார்ச் 31, பூச்சியம். ஏப்ரல் மாதம் முழுக்க வரும் காசு மாதக் கடைசியில் ஒன்றாக வந்ததாக வைத்துக்கொள்கிறோம், அது 1. அடுத்த மார்ச் 12. மாதத்துக்குள் முன்பின் வருவதை இப்படிக் கடைசிக்குத் தள்ளுவதால் விடை கொஞ்சம் குறைவாக வரும். கடன் எடுக்கப்போகிறவருக்கு அந்தப் பக்கம் சாய்வதில் பாதகமில்லை.

செலவு போக மிச்சத்தை மட்டும் எழுதினோம், அதுவும் இந்த எஞ்சினால் வரும் மேலதிகத்தை மட்டும். மற்றப் போட்டின் உழைப்பு இதில் கலக்கக் கூடாது. வருட முடிவில் எஞ்சினுக்கு ஒரு விலை இருக்கும்தான், ஆனால் ஒரு வருடத்தில் உழைத்தே முதலெடுக்க வேண்டும் என்பது அவன் வைத்த நிபந்தனை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

படி 3: ஒவ்வொரு மாதத்தையும் இன்றைக்குக் கொண்டுவாருங்கள்

வங்கிக் கடன்படி மாத வீதம் 1.5. ஒரு மாதம் தள்ளி வரும் காசை 1.015ஆல் ஒருமுறை வகுக்கிறோம், இரண்டு மாதம் தள்ளியதை இரண்டு முறை, இப்படியே. கீழே மூன்றாம் நிரலில் இருப்பது அந்த வகுத்தலைப் பெருக்கலாக மாற்றிய எண்.

| கைக்கு வரும் மாதம் | ரூபாய் | பெருக்கும் எண் | இன்றைய மதிப்பு |
|---|---|---|---|
| ஏப்ரல் | 30,000 | 0.9852 | 29,557 |
| மே | 70,000 | 0.9707 | 67,946 |
| ஜூன் | 90,000 | 0.9563 | 86,069 |
| ஜூலை | 140,000 | 0.9422 | 131,906 |
| ஓகஸ்ட் | 150,000 | 0.9283 | 139,239 |
| செப்டெம்பர் | 90,000 | 0.9145 | 82,309 |
| ஒக்டோபர் | 30,000 | 0.9010 | 27,031 |
| நவம்பர் | −15,000 | 0.8877 | −13,316 |
| டிசம்பர் | 0 | 0.8746 | 0 |
| ஜனவரி | 0 | 0.8617 | 0 |
| பெப்ரவரி | 20,000 | 0.8489 | 16,979 |
| மார்ச் | 45,000 | 0.8364 | 37,637 |

நவம்பரில் வாடைக்காற்றோடு கடல் எழும்பிவிடும், போட்டைக் கரையில் இழுத்துப் போட்டு எஞ்சினைக் கழற்றித் துப்புரவாக்கும் செலவுதான் அந்தக் கழித்தல். டிசம்பர், ஜனவரி வெறுமை.

வருடம் முழுக்கக் கைக்கு வருவது 650,000. அதன் இன்றைய மதிப்பு சுமார் 605,360. எஞ்சினின் விலையான ஆறு இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய 5,360 ரூபாய். வட்டி போக அவ்வளவுதான். மெலிதான மிச்சம், ஆனாலும் மிச்சம்.

நகையை வைத்து ஒரு வருடம் கழித்து மீட்பதாக இருந்தால், 1.3888ஐப் போட்டுப் பார்க்கலாம். மிச்சம் சுமார் 8,500 ஆகிறது. பிரித்தெடுத்த வீதத்துக்கும் மூலம் எடுத்த வீதத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே மூவாயிரம் ரூபாய் சொச்சம். ஒரு வருடக் கணக்கில் இது பெரிய தொகை இல்லை. ஐந்து வருடக் கணக்கானால் இந்தப் பிழை வளர்ந்து கண்ணைக் குத்தும்.

மாதம் மாதமாகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்

இதைத்தான் நான் அவனுக்கு நேரமெடுத்துக் காட்டினேன். வருமானம் மொத்தம் 650,000, வட்டி 18, ஆகவே 650,000ஐ 1.18ஆல் வகுத்தால் போதாதா என்று கேட்டான். வகுத்தால் 550,850 வருகிறது. ஆறு இலட்சத்துக்கு 49,150 குறைவு. அந்தக் கணக்கை நம்பியிருந்தால் எஞ்சினை வாங்கியே இருக்கமாட்டான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? வருட மொத்தத்தை ஒரே வகுத்தலில் முடித்தால், ஏப்ரலில் வந்த காசும் ஓகஸ்டில் வந்த காசும் எல்லாம் அடுத்த மார்ச்சில்தான் வந்தது என்று சொன்னதாகிவிடும்.

சரி, மாதச் சராசரியாவது எடுக்கலாமே? 650,000ஐப் பன்னிரண்டால் பிரித்து மாதம் 54,167 என்று வைத்து 1.5 வீதத்தில் போட்டால் கழித்தல் 9,180 வருகிறது. அதுவும் வேண்டாம் என்கிறது. உண்மையில் திருகோணமலைக் கடற்கரையில் யாருக்கும் மாதம் 54,167 வருவதில்லை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அள்ளி வருகிறது, பிறகு வாடை வந்து கதவைச் சாத்துகிறது. மார்ச் கடைசியில் வாங்கியவனுக்கு நல்ல மாதங்கள் எல்லாம் முதல் ஆறு மாதத்துக்குள் விழுகின்றன, அதனால்தான் அந்த 5,360.

அதே எஞ்சினை, அதே விலைக்கு, அதே கடனில், செப்டெம்பர் 30இல் வாங்கினால்? மாத வருமானங்களில் ஒரு ரூபாயும் மாறாது, வரிசை மட்டும் ஒக்டோபரில் தொடங்கும். கணக்கைப் போட்டோம்: கழித்தல் 34,150. சீசன் முடிந்த பிறகு எஞ்சின் விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறார்கள் என்று வாங்க நினைப்பவர்களுக்கு இந்த எண் உதவும். மார்ச்சில் வாங்குவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 39,500 அளவில். அதற்கும் மேலாக விலை குறைந்தால்தான் செப்டெம்பர் கொள்வனவு சரிவரும்.

எக்செலில் போடும்போது

B1 கட்டத்தில் −600000, B2 முதல் B13 வரை ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை. வெறுமையான மாதங்களுக்குப் பூச்சியம் என்று அடியுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால், இன்றைய மதிப்புகளைக் கூட்டித் தரும் NPV சூத்திரம் அதைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிவிடும், அதன் பிறகு வரும் மாதங்கள் எல்லாம் ஒரு படி முன்னே நகர்ந்துவிடும். எங்களுக்கு முதலில் இதுதான் நடந்தது. டிசம்பரும் ஜனவரியும் வெறுமையாக இருந்ததால் அடுத்த மார்ச்சின் காசு ஜனவரியில் வந்ததாகக் காட்டி, மிச்சம் சுமார் 1,650 ரூபாய் கூடி வந்தது. கையால் போட்ட பட்டியலோடு பொருந்தாததால்தான் பிடிபட்டது.

```
=B1+NPV(1.5%,B2:B13)
=IRR(B1:B13)
```

முதல் வரியில் B1 அடைப்புக்குறிக்கு வெளியே நிற்பதைக் கவனியுங்கள். NPV தனக்குள் கொடுக்கும் முதல் எண்ணையே ஒரு மாதம் தள்ளி வந்ததாக எடுத்துக்கொள்ளும். B1ஐ உள்ளே போட்டால் விலையும் ஒரு மாதம் தள்ளிப்போய், விடை 5,280 ஆகக் காட்டும். வித்தியாசம் சின்னது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பெரிய பிழை உடனே தெரியும்: வீதத்துக்கு 1.5க்குப் பதிலாக 18% என்று அடித்தால் மாதத்துக்கு 18 என்று எடுத்து, இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் நட்டம் காட்டும். அப்படி ஒரு எண் வந்தால் முதலில் வீதக் கட்டத்தைப் பாருங்கள்.

திகதிகளோடு வேலை செய்யும் XNPV இதற்கு நேர்மாறு. அது மாத வீதத்தைக் கேட்காது, உண்மையான வருட வீதத்தைக் கேட்கும். வங்கிக் கடனுக்கு அங்கே 19.56% கொடுக்க வேண்டும், 18% அல்ல.

IRR தருவது, இந்த எஞ்சின் தாங்கக்கூடிய ஆகக்கூடிய மாத வீதம். எங்கள் பட்டியலுக்கு அது 1.69 சதவீதம். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 20.3, பன்னிரண்டு தடவை ஏற்றினால் 22.3. வங்கியின் 18ஓடு ஒப்பிட வேண்டியது 20.3, 19.56ஓடு ஒப்பிட வேண்டியது 22.3. ஒரு பக்கத்தில் பெருக்கியதையும் மறுபக்கத்தில் ஏற்றியதையும் வைத்து ஒப்பிட்டால் இல்லாத இலாபம் தெரியும். நான் எப்போதும் இரண்டையும் மாத வீதத்திலேயே வைத்துக்கொள்வேன்: 1.69க்குக் கீழே 1.5, ஆகவே சரி.

தட்டை வட்டி வந்தால்

மூன்றாவது வழியாக, எஞ்சின் விற்கும் இடத்திலேயே தவணைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கேயும் 18. ஆனால் தட்டை வட்டி: ஆறு இலட்சத்துக்கு ஒரு வருட வட்டி 108,000, இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து மாதம் 59,000. இதில் வருட வீதத்தைப் பிரிக்கவும் முடியாது, மூலம் எடுக்கவும் முடியாது. முதல் மாதத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு, ஆறு இலட்சத்தையும் வருடம் முழுக்க வைத்திருப்பது போல வட்டி கட்டுகிறீர்கள். தவணைகளிலிருந்துதான் வீதத்தைத் தோண்டி எடுக்க வேண்டும்:

```
=RATE(12,-59000,600000)
```

விடை மாதம் 2.64 சதவீதம். வருடத்துக்கு ஏற்றினால் 36.8. எஞ்சின் தாங்குவது 1.69 மட்டும் என்பதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வங்கிக் கடனின் தவணையை இதே முறையில் பார்த்தால் மாதம் 55,008, வருட வட்டி மொத்தம் சுமார் 60,100. அடகில் 108,000. “அப்ப அடகுதானே அண்ணா கூட?” என்றான். ரூபாயில் கூட, வீதத்தில் குறைவு. அடகில் ஆறு இலட்சமும் பன்னிரண்டு மாதமும் அவன் கையில் இருக்கிறது, கடனில் மாதாமாதம் கரைந்துபோகிறது. மொத்த வட்டியை வைத்துக் கடன்களை ஒப்பிடுவது, எத்தனை நாள் என்று கேட்காமல் அறை வாடகையை ஒப்பிடுவது போன்றது.

இந்தக் கணக்கு எங்கே கையை விரிக்கும்

மிச்சம் 5,360 என்று வந்ததும் அவன் எழும்பப் பார்த்தான். இருடா என்று இருத்தி இன்னொரு நிரல் போட்டேன். மாதம் 55,008 தவணையைக் கட்டிக்கொண்டு, மிஞ்சும் காசை வீட்டு அலுமாரியில் வைத்தால் என்ன நடக்கும்? ஏப்ரலிலேயே 25,000 தட்டுப்படும். ஓகஸ்டுக்குள் அலுமாரியில் இரண்டு இலட்சத்துக்கு மேல் சேரும், அடுத்த மார்ச்சில் எல்லாம் கரைந்து சுமார் 10,100 ரூபாய் குறைவில் நிற்பான். வருமானம் 650,000, தவணை மொத்தம் 660,100. கூட்டிக் கழித்தால் வேறு வழியில்லை.

அப்படியென்றால் 5,360 பொய்யா? இல்லை. அந்தக் கணக்கின் உள்ளே, கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் அன்றிலிருந்தே 1.5 வீதத்தில் வேலை செய்வதாக ஒரு நிபந்தனை இருக்கிறது. ஜூலை, ஓகஸ்டில் வந்த காசு உடனே கடனைக் குறைத்தால்தான் அது நிறைவேறும். வருமானம் முழுவதையும் வர வரக் கட்டினால் ஒக்டோபர் கடைசியில் கடன் மிச்சம் 40,000க்குச் சற்றுக் குறைவு. நவம்பர் செலவையும் வாடைக்கால வட்டியையும் அதன்மேல் ஏற்றிக்கொண்டு போனாலும் அடுத்த மார்ச்சில் கடன் தீர்ந்து 6,400 ரூபாய் கையில் நிற்கும். இன்றைய மதிப்பில் அதுதான் அந்த 5,360. அலுமாரிக்குப் போனால் அதே காசு பூச்சியம் வீதத்தில் தூங்குகிறது.

அடகுக்கும் இதே நிபந்தனைதான். மீட்கும் நாள்வரை வருமானத்தை எங்கேயாவது 1.3888 வீதத்தில் வைக்க முடியாவிட்டால் அந்த 8,500 கைக்கு வராது. சேமிப்புக் கணக்கில் அவ்வளவு வட்டி கிடைக்காது. பகுதி பகுதியாகக் கட்டி ஒவ்வொரு காப்பாக மீட்க விடுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படி மீட்டால், முன்பு பார்த்தபடி, மாத வீதம் கொஞ்சம் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இன்னொன்று, வீதம் வருடம் முழுக்க அசையாது என்று வைத்தே இதெல்லாம் போட்டோம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அறிவிப்பில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மாறும் வீதக் கடனாக இருந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் வீதத்தைத் தனி நிரலில் எழுதி, முந்தைய மாதத்தின் பெருக்கும் எண்ணை (1 + அந்த மாத வீதம்) என்பதால் வகுத்துக்கொண்டே இறங்குங்கள். NPV அதைச் செய்யாது, ஆனால் பட்டியல் செய்யும்.

அடுத்த நாள் காலை அவன் வங்கிக்குப் போகும்போது வட்டி வீதத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லி அனுப்பவில்லை. மூன்று கேள்விகளைக் கொப்பியின் பின்மட்டையில் எழுதிக் கொடுத்தேன்: தவணைக்கு மேலதிகமாகக் கட்டினால் அன்றிலிருந்தே முதல் குறையுமா? அதற்குக் கட்டணம் உண்டா? வாடைக்காலத்தில் தவணையை நிறுத்தி வட்டியை மட்டும் கட்ட விடுவார்களா? மத்தியானம் தொலைபேசியில் சொன்னான்: முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு 2 சதவீதம், மூன்றாவதை மேலே கேட்டுச் சொல்வார்களாம். மேலதிகமாகக் கட்டும் தொகையில் 2 சதவீதம் என்றால் ஓகஸ்ட் மாதம் கட்டும் 95,000க்கே 1,900 ரூபாய். ஏப்ரல் தட்டுப்பாட்டை முதலில் நிரப்பிய பிறகு ஜூன் முதல் செப்டெம்பர் வரை நான்கு தடவை அப்படிக் கட்டினால் எங்கள் 5,360இல் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். கட்டணத்தை அந்தந்த மாத வருமானத்திலிருந்து கழித்துப் பட்டியலைத் திரும்பப் போடச் சொன்னேன். இந்த முறை அவனே போட்டான், டிசம்பருக்கும் ஜனவரிக்கும் பூச்சியம் அடிக்க மறக்கவில்லை.